யாருடையதும் அல்லாத மேசை

அலுவலக மேசைக்கு அடியில் மூன்று அடுக்கு டிராயர் ஒன்று இருந்தது. சக்கரம் வைத்தது, சாவியோடு வருவது. அதில் பெண்கள் என்ன வைத்திருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நாப்கின் பாக்கெட், கறை பட்டுவிட்டால் மாற்றிக்கொள்ள ஒரு லெக்கிங்ஸ், ஏசி குளிருக்குச் சால்வை, தைராய்டு மாத்திரை, சேஃப்டி பின், பஸ் நெரிசலில் செருப்பு அறுந்தால் போட்டுக்கொள்ள ஒரு ரப்பர் செருப்பு. சிலர் வீட்டில் யார் கண்ணிலும் படக்கூடாத ஒரு பாஸ்புக்கையும் அங்கேதான் வைத்திருந்தார்கள். கோப்புகள் வைப்பதற்காகக் கொடுக்கப்பட்ட டிராயரில் பெண்கள் தங்கள் உடம்பையும் ரகசியத்தையும் வைத்துப் பூட்டினார்கள்.

கொரோனாவுக்குப் பிறகு அலுவலகம் திறந்தபோது பல ஐ.டி. நிறுவனங்களில் அந்த டிராயர் இல்லை. மேசை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, இரண்டு மானிட்டர்கள் இருக்கின்றன. ஆனால் எதுவும் யாருடையதும் இல்லை. இன்று ஏழாவது மாடியில் ஜன்னலோரம், நாளை ஐந்தாவது மாடியில் கழிப்பறைக்குப் பக்கத்தில். இதற்கு ‘ஹாட் டெஸ்க்கிங்’ என்று பெயர். நிர்வாகம் அனுப்பும் மின்னஞ்சலில் இது ‘சுதந்திரம்’ என்றும் ‘யாரும் யாருக்கும் மேலல்ல என்ற பண்பாடு’ என்றும் எழுதியிருக்கும். இது சுதந்திரமும் இல்லை, சமத்துவமும் இல்லை. வாடகையைக் குறைப்பதற்கான ஏற்பாடு. அப்படி மிச்சமாகும் வாடகையில் ஒரு பகுதியைப் பெண்கள் தங்கள் தோள்பையில் சுமக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

அந்த ‘ஹாட்’ எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். நீர்மூழ்கிக் கப்பல்களில் மாலுமிகளுக்கு ஆளுக்கொரு படுக்கை கிடையாது. ஒருவன் வேலைக்கு எழுந்து போக, வேலை முடிந்து வந்த இன்னொருவன் அதே படுக்கையில் படுப்பான். முந்தையவனின் உடல்சூடு அதில் ஆறியிருக்காது. அந்தச் சூட்டைத்தான் மேசைக்கு எடுத்து வந்திருக்கிறார்கள். கடலுக்கு அடியில் இடம் இல்லாததால் சகித்துக்கொண்ட ஒரு ஏற்பாட்டை, பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடி மாளிகை கட்டி வைத்துக்கொண்டு முன்னேற்றம் என்கிறார்கள்.

இது புதிய யோசனையும் அல்ல, முயன்று பார்க்காததும் அல்ல. அமெரிக்காவில் ஷையட்/டே என்ற புகழ்பெற்ற விளம்பர நிறுவனம் 1990களின் நடுவிலேயே லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் அலுவலகங்களில் சொந்த மேசைகளை ஒழித்துக்கட்டியது. காலையில் வந்து கவுன்ட்டரில் லேப்டாப்பையும் போனையும் வாங்கிக்கொள்ள வேண்டும், இடம் கிடைத்த இடத்தில் உட்கார வேண்டும், சொந்தப் பொருள்களுக்கு ஒரு சின்ன லாக்கர். என்ன நடந்தது? லேப்டாப் போதவில்லை, இடம் போதவில்லை. ஊழியர்கள் தங்கள் காரின் டிக்கியையே அலமாரியாக்கிக்கொண்டார்கள். ஒருவர் குழந்தைகள் இழுக்கும் சிவப்பு நிற வண்டியில் தன் காகிதங்களை வைத்து அலுவலகம் முழுக்க இழுத்துத் திரிந்தார். சில ஆண்டுகளிலேயே அந்தச் சோதனையைக் கைவிட்டு, ஆளுக்கு ஓர் இடம் என்ற ஏற்பாட்டுக்குத் திரும்பினார்கள். தோற்றுப்போன அந்தச் சோதனைதான் இப்போது ஒரு செயலியோடு நம்மிடம் வந்திருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நூறு பேர் இருக்கும் ஒரு டீம். வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் வர வேண்டும் என்பது விதி. நூறு பேர் மூன்று நாள் வந்தால் முந்நூறு வருகை. அதை ஐந்து நாளுக்கு வகுத்தால் நாளுக்கு அறுபது. நிர்வாகம் தாராளமாகப் பத்து கூட்டி எழுபது மேசை போடுகிறது. முப்பது மேசைக்கான இடம் மிச்சம். காகிதத்தில் பிழையே இல்லை. ஆனால் மனிதர்கள் சராசரியாக வருவதில்லை. மேனேஜர் மீட்டிங் வைப்பது செவ்வாய், கிளையண்ட் பேசுவது புதன், திங்களும் வெள்ளியும் ஊருக்குப் போய்வருகிறவர்கள் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள். ஆகவே செவ்வாய், புதன், வியாழனில் எண்பத்தைந்து பேர் வருகிறார்கள். அந்த மூன்று நாளிலேயே இருநூற்று ஐம்பத்தைந்து வருகை தீர்ந்துவிடும். திங்களும் வெள்ளியும் ஆளுக்கு இருபது சொச்சம் பேர் வந்து, காலி மேசைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார்கள். வாரத்தின் நடுவில் மூன்று நாளும் பதினைந்து பேருக்கு மேசை இல்லை. கேண்டீனிலும், மீட்டிங் அறைக்கு வெளியே போட்ட சோபாவிலும், மடியில் லேப்டாப்போடு அந்தப் பதினைந்து பேர் உட்காருகிறார்கள்.

அந்தப் பதினைந்து பேர் யார்? நிர்வாகம் கேட்க மறுக்கும் கேள்வி இது. முதலில் வருகிறவர்களுக்கு முதல் இடம் என்பது பார்க்க நியாயமான விதி. காலை எட்டு மணிக்கு முன்னால் அலுவலகம் வந்துவிட யாரால் முடியும்? டிபன் யாரோ செய்து கொடுக்க, குழந்தையை யாரோ பள்ளி வேனில் ஏற்றிவிட, பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவரால் முடியும். குக்கர் விசிலுக்கும் வேன் ஹாரனுக்கும் நடுவே ஓடி, ஒன்பதே முக்காலுக்கு வந்து சேருகிறவளுக்கு மிச்சம் இருப்பது கதவோரம். செயலியில் முன்பதிவு செய்யலாமே என்பார்கள். ஒரு அலுவலகத்தில் மறுநாள் மேசைக்கான முன்பதிவு இரவு எட்டரைக்குத் திறக்கும். எட்டரைக்கு ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பவர் யார், அந்த நேரத்தில் இரண்டு கையிலும் மாவு ஒட்டியிருப்பவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா? விதி எல்லோருக்கும் ஒன்றுதான். அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டிய நேரம்தான் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை.

சொந்த மேசை இல்லை என்று அறிவித்த உடனே சொந்த மேசை ஒழிந்துவிடுவதும் இல்லை. ஒரு மாதத்தில் சிலர் ஒரே இடத்தில் வேரூன்றிவிடுகிறார்கள். “அது சாரோட சீட்” என்று எல்லோருக்கும் தெரியும், எந்தச் செயலியும் சொல்லத் தேவையில்லை. பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளர் ஆலிசன் ஹர்ஸ்ட் இப்படிப்பட்ட ஓர் அலுவலகத்தை ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மேசை யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் ஊழியர்கள் இரண்டாகப் பிரிவதை அவர் கண்டார். ஒரு சாரார் குடியேறிகள், மறு சாரார் நாடோடிகள். குடியேறி தினமும் அதே இடத்தில் உட்காருவார். நாடோடி தினமும் இடம் தேடி அலைவார், கிடைத்த இடத்தில் யார் எழுப்பிவிடுவார்களோ என்று கூச்சத்தோடு உட்காருவார். நம் அலுவலகங்களில் இது இன்னும் பச்சையாக நடக்கிறது. பதவி, வயது, சாதிப் பழக்கத்தில் ஊறிய தோரணை எல்லாம் சேர்ந்து சில நாற்காலிகளுக்கு எழுதாத பட்டா கொடுத்துவிடுகின்றன. முன்பு பட்டா எழுத்தில் இருந்தது, அதை எதிர்த்துக் கேட்க முடிந்தது. இப்போது கேட்டால், “இங்கே யாருக்கும் சீட் கிடையாதே, எங்கே வேணா உட்காரும்மா” என்று சிரிப்பார்கள்.

இனி உடம்புக்கு வருவோம். அலுவலக மேசையின் உயரம் ஏறக்குறைய எழுபத்தைந்து சென்டிமீட்டர். பெரும்பாலானவை ஏற்றி இறக்க முடியாதவை. ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண் பாதம் தரையில் படும்படி உட்கார்ந்தால், அவளுடைய முழங்கைக்கு அந்த மேசை பத்து சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருக்கும். தோளைத் தூக்கிக்கொண்டு தட்டச்சு செய்ய வேண்டும். தோள் வலிக்காமல் இருக்க நாற்காலியை உயர்த்தினால் கால் தொங்கும், தொடைக்கு அடியில் நாற்காலி விளிம்பு அழுத்தும், மாலையில் கால் மரத்துப்போகும். இதற்குத் தீர்வு எளிது. நாற்காலியை உயர்த்திவிட்டு, காலுக்கு ஒரு சாய்வுப் பலகை போட வேண்டும். சொந்த மேசை இருந்தபோது ஒருமுறை கேட்டு வாங்கி, ஒருமுறை சரிசெய்தால் போதும். இப்போது தினமும் காலையில் வேறொருவர் உடம்புக்கு ஏற்ப வைத்த நாற்காலி. உயரம், முதுகுச் சாய்வு, கைப்பிடி, மானிட்டர் உயரம் என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். கால் பலகை எந்த மாடியில் இருக்கிறதோ தெரியாது. பத்து நாள் மாற்றுவாள். பதினோராவது நாள் அப்படியே உட்கார்ந்துவிடுவாள். மூன்று மாதம் கழித்துக் கழுத்து வலிக்குப் பிசியோதெரபி. அந்தப் பணத்தை வாடகை மிச்சக் கணக்கில் யாரும் கழிப்பதில்லை. கர்ப்பமாக இருப்பவளுக்கும், இடுப்பு அறுவை செய்துகொண்டவளுக்கும், ஊன்றுகோலோடு நடப்பவளுக்கும் இது வெறும் அசௌகரியம் அல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அவரவர் தேவைக்கேற்ற நியாயமான வசதி செய்துகொடுக்க வேண்டும் என்கிறது. தினமும் இடம் மாறும் வசதி எப்படி வசதியாகும்?

இதைவிடக் கடுமையான ஒன்று இருக்கிறது. அலுவலகத்தில் ஒருவன் தொல்லை கொடுக்கிறான் என்று ஒரு பெண் புகார் கொடுக்கிறாள் என்று வையுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல் வந்தது. அதன் 12ஆவது பிரிவின்படி, விசாரணை நடக்கும்போது அவள் எழுதிக் கேட்டால், அவளையோ அவனையோ வேறு பணியிடத்துக்கு மாற்றும்படியோ, அவளுக்கு மூன்று மாதம்வரை விடுப்பு கொடுக்கும்படியோ உள்புகார்க் குழு பரிந்துரைக்கலாம். இந்தப் பிரிவின் பின்னால் உள்ள புரிதல் எளிமையானது. விசாரணை முடியும்வரை அவன் அவள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

ஆளுக்கொரு மேசை இருந்த காலத்தில் இதை நடைமுறைப்படுத்துவது எளிது. அவனை மூன்றாம் மாடிக்கு அனுப்பினார்கள் என்றால் அவன் மூன்றாம் மாடியில்தான் இருப்பான். எட்டாம் மாடியில் வந்து நின்றால், “உனக்கு இங்கே என்ன வேலை?” என்று யாரும் கேட்கலாம். மேசை யாருக்கும் சொந்தமில்லாத அலுவலகத்தில் எல்லோருக்கும் எல்லா மாடியிலும் வேலை உண்டு. அவன் இரண்டு இருக்கை தள்ளி வந்து உட்காரலாம். கேட்டால், “வேறு சீட் காலியில்லை” என்பான். அது பொய்யென்று நிரூபிக்க முடியாது. இன்னும் மோசம் அந்தச் செயலிதான். இவற்றில் பலவற்றில் சக ஊழியரின் பெயரைத் தட்டினால் அவர் இன்று எந்த மாடியில் எந்த மேசையில் இருக்கிறார் என்று படமாகக் காட்டும் வசதி இருக்கிறது. டீம் ஒன்றாக உட்கார உதவும் என்று வைத்த வசதி. தொல்லை கொடுப்பவன் கையில் அது ஒரு வழிகாட்டி. அவள் புதன்கிழமை எங்கே உட்காரப் போகிறாள் என்பது செவ்வாய் இரவே அவனுக்குத் தெரிந்துவிடும். அவள் முன்பதிவே செய்யாமல் வந்தால் அவளுக்கு மேசை கிடைக்காது. தன் இருப்பிடத்தை அவனுக்குச் சொல்லிவிட்டு உட்காருவது, சொல்லாமல் நிற்பது என்ற இரண்டில் ஒன்றைத்தான் இந்த ஏற்பாடு அவளுக்குத் தருகிறது.

புகார்வரை போகாத விஷயங்களும் இருக்கின்றன. முறைத்துப் பார்ப்பவன், நாற்காலியை ஒட்டி நகர்த்திக்கொள்பவன், திரையை எட்டிப் பார்ப்பவன். முன்பெல்லாம் பக்கத்து இருக்கையில் இருக்கும் அக்கா ஒருத்தி போதும். “தம்பி, அந்தப் பக்கம் தள்ளி உட்காருப்பா” என்று அவர் சொன்னால் முடிந்தது. மேசையோடு சேர்ந்து பக்கத்து மேசையும் போய்விட்டது. வருடக்கணக்கில் அருகருகே உட்கார்ந்ததால்தான் யாருக்குச் சம்பளம் எவ்வளவு, யாரை அப்ரைசலில் இறக்கினார்கள், எந்த மேனேஜரோடு தனியாகக் கேப் ஏறக் கூடாது என்பதெல்லாம் பெண்களுக்குள் கைமாறியது. தினமும் அந்நியர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டால் இந்தப் பேச்சு நின்றுவிடும். பேச்சு நிற்கும் இடத்தில் சங்கம் பிறக்காது. நிர்வாகம் இதை நினைத்துத்தான் செய்தது என்று நான் சொல்லவில்லை. இதனால் நிர்வாகத்துக்கு எந்த நட்டமும் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

“ஒரு மேசைக்கு இவ்வளவு புலம்பலா, வீடு இருக்கிறதே” என்று கேட்பவர்கள் உண்டு. எந்த வீடு? சோழிங்கநல்லூரில் ஒரு அறைக்கு மூன்று கட்டில் போட்ட லேடீஸ் ஹாஸ்டலா? அங்கே அவளுக்கு ஒரு கட்டிலும் அரை அலமாரியும். பீரோ சாவி மாமியார் இடுப்பில் இருக்கும் புகுந்த வீடா? பிறந்த வீட்டில் அவள் அறையைத் தம்பிக்குக் கொடுத்து வருடமாகிறது. 1929இல் வர்ஜீனியா வுல்ஃப் ஒரு பெண் எழுதுவதற்குச் சொந்தமாகக் கொஞ்சம் பணமும் பூட்டிக்கொள்ளக்கூடிய ஓர் அறையும் வேண்டும் என்று வாதாடினார். நமக்குச் சம்பளம் கிடைத்தது. அறை கிடைக்கவில்லை. அந்த அறைக்குப் பதிலாக, ஒன்றரை அடி அகலத்தில் சாவியோடு ஒரு டிராயர் கிடைத்திருந்தது. நம் பெயர் எழுதிய ஒரே மரச்சாமான் அதுதான். அதனால்தான் அதை எடுத்தபோது வலித்தது.

எதிர்ப்பக்கம் சொல்லப்படும் நியாயமான விஷயங்களையும் பார்த்துவிடுவோம். சொந்த மேசைக் காலம் பொற்காலம் அல்ல. கேபின் ஆண்களுக்கும் நடைபாதை ஓர மேசை பெண்களுக்கும் என்றுதான் அன்றும் பங்கீடு. ஒட்டாத ஒரு பக்கத்து இருக்கைக்காரரிடமிருந்து தப்பித்தேன், இதுவே எனக்கு வசதி என்று சொல்லும் தோழிகளும் இருக்கிறார்கள். வீட்டிலிருந்து வேலை செய்யும் இரண்டு நாள் போய்விடுமோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. மேசை கேட்டால், “அப்படியானால் ஐந்து நாளும் வாருங்கள்” என்பார்கள். இந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும். இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை என்பது அவளுடைய மின்சாரம், அவளுடைய இணையம், அவளுடைய சாப்பாட்டு மேசையில் நடக்கும் வேலை. அதற்காக நிறுவனத்துக்கு அவள் ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டாள். மற்ற மூன்று நாளும் நிற்க வேண்டும் என்பது அதே பொருளுக்கு இரண்டாம் முறை கேட்கும் விலை.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. நாம் இழந்த மேசை ஒருபோதும் கிடைக்காத பெண்கள் அதே கட்டிடத்தில் இருக்கிறார்கள். இரவில் மேசைகளைத் துடைத்து, யாரோ விட்டுச்சென்ற தண்ணீர்ப் பாட்டிலையும் சால்வையையும் ‘காலி மேசை’ விதிப்படி அள்ளிப் பையில் போடும் ஹவுஸ்கீப்பிங் அக்காமார்கள் படிக்கட்டிலும் கழிப்பறை வாசலிலும்தான் உட்காருகிறார்கள். இருக்கை ஓர் உரிமை என்பதை நமக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் ஐ.டி. ஊழியர்கள் அல்ல. கேரளத்தில் கோழிக்கோட்டு ஜவுளிக்கடைப் பெண்கள் ‘பெண்கூட்டு’ என்று அமைப்பாகச் சேர்ந்து, நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை செய்ய முடியாது என்று போராடினார்கள். கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வசதி கட்டாயம் என்றது. ஒரு ஸ்டூலுக்காக அந்தப் பெண்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். உட்காரவே விடாத முதலாளியும், உட்கார்ந்த இடத்திலிருந்து தினமும் எழுப்பும் முதலாளியும் ஒன்றே என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பேருடைய எண்ணமும் ஒன்றுதான்: உன் உடம்பு எங்கே இருக்க வேண்டும் என்பதை நான் தீர்மானிப்பேன்.

ஆகவே என்ன கேட்பது? முதலில், மேசைகளைச் சராசரி வருகையை வைத்து எண்ணாதீர்கள், கூட்டம் அதிகமான நாளின் வருகையை வைத்து எண்ணுங்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒரு மாடி சுற்றிவந்து சோபாவிலும் கேண்டீனிலும் லேப்டாப்போடு இருப்பவர்களை எண்ணினால் போதும், உண்மை தெரிந்துவிடும். நான்கு வாரம் எண்ணுங்கள். எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர் என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். ஹெச்.ஆர். காட்டும் சராசரிக்கு எதிராக வைக்க நம்மிடம் இருக்கும் ஒரே சான்று அதுதான்.

இரண்டாவது, கர்ப்பிணிகள், குழந்தை பெற்றுத் திரும்பியவர்கள், மாற்றுத்திறனாளிகள், முதுகு கழுத்து வலிக்கு மருத்துவர் சான்று வைத்திருப்பவர்கள் ஆகியோருக்கு நிரந்தர மேசை. காரணத்தை டீம் முன்னால் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது. மூன்றாவது, தோள்பையும் சாப்பாட்டுப் பையும் கொள்ளும் அளவில், இரவில் காலி செய்யத் தேவையில்லாத, பூட்டு உள்ள லாக்கர். அது எல்லோருக்கும் வேண்டும், துடைக்க வரும் அக்காவுக்கும் சேர்த்து. அவருக்கு உட்கார ஓர் அறையும் வேண்டும். நான்காவது, செயலியில் ஒருவரின் இருப்பிடம் அவர் அனுமதித்தவருக்கு மட்டுமே தெரிய வேண்டும். உள்புகார்க் குழு ஒருவனை விலக்கி வைத்தால், அவள் இருக்கும் மாடியில் அவனுக்கு மேசையே பதிவாகக் கூடாது. இதைச் செயலியில் அமைக்க முடியாது என்று நம்மிடம் யாரும் சொல்ல வேண்டாம். மென்பொருள் எழுதுகிறவர்களே நாம்தான்.

அடுத்த முறை உள்புகார்க் குழுவின் வெளி உறுப்பினர் அலுவலகம் வரும்போது அவரிடம் ஒரு கேள்வியை எழுதிக் கொடுங்கள்: “இந்தக் கட்டிடத்தில் விலக்கி வைக்கப்பட்டவன் எங்கே உட்காருவான்?” பதிலை எழுத்தில் கேளுங்கள்.